நூல் சொன்ன எண்

நுழையுமுன்

வட்ட வடிவப் பொருள்கள் நம்மைச் சுற்றிப் பல உள்ளன. உண்ணும் தட்டு, அணியும் வளையல், நீர் மொள்ளும் வாளி, செலவிடும் நாணயம் ஆகியவை அளவால் வேறுபட்டவை, வடிவால் ஒன்றுபட்டவை. இவற்றின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டா? ஒரு நூலும் ஓர் அளவுகோலும் கொண்டு ஒரு வகுப்பு மாணவர்கள் இவ்வினாவுக்கு விடை தேடினர். அவர்கள் கண்டதையும், காணும் வழியில் செய்த பிழைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

அளக்கத் தொடங்கினர்

மத்தியப் பிரதேசத்தில் உள்ள இட்டார்சி, இருப்புப்பாதைகள் பல கூடும் சந்திப்பு. அங்குப் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், ஏழாம் வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாகப் படித்து வந்தனர். ஒருநாள் ஆசிரியை, வீட்டிலிருந்து வட்டமான பொருள் ஒன்றையும், கிடைக்கும் நூல் எதையேனும் கொண்டுவருமாறு கூறியிருந்தார். மாணவர்கள் நான்கு குழுக்களாக அமர்ந்தனர்.

முதற்குழுவிடம் பத்து ரூபாய் நாணயம் இருந்தது. இரண்டாம் குழுவினர் வளையல் ஒன்றைக் கொண்டுவந்தனர். மூன்றாம் குழுவினர் எவர்சில்வர் தட்டு ஒன்றையும், நான்காம் குழுவினர் வாய் அகன்ற வாளி ஒன்றையும் கொண்டுவந்தனர்.

ஆசிரியை கரும்பலகையில் வட்டம் ஒன்றை வரைந்தார். "வட்டத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நீளம் சுற்றளவு. வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மையத்தின் வழியாக எதிர் விளிம்பு வரை செல்லும் நேர்கோட்டின் நீளம் விட்டம். விட்டம் நேர்கோடு; அளவுகோலால் அளக்கலாம். சுற்றளவோ வளைந்த கோடு. மரத்தாலான நேர் அளவுகோல் அதன்மேல் பொருந்தாது. ஆகையால் நூலைச் சுற்றுங்கள். ஒருசுற்று முடியும் இடத்தில் மையால் குறியிடுங்கள். பின்பு நூலை அளவுகோலின் மேல் நீட்டி அளவிடுங்கள். இறுதியில் சுற்றளவை விட்டத்தால் வகுத்து, வரும் ஈவை இரண்டு தசம இடங்கள் வரை எழுதுங்கள்" என்றார்.

அரைமணி நேரத்தில் நான்கு குழுக்களின் விடைகளும் கரும்பலகையில் ஏறின.

| பொருள் | சுற்றளவு (செ.மீ.) | விட்டம் (செ.மீ.) | ஈவு |
|---|---|---|---|
| நாணயம் | 8.8 | 2.7 | 3.26 |
| வளையல் | 20.4 | 5.7 | 3.58 |
| தட்டு | 87.6 | 27.8 | 3.15 |
| வாளியின் வாய் | 90.0 | 30.2 | 2.98 |

வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது. நான்கு பொருள்கள், நான்கு விடைகள். அவற்றில் எந்த இரண்டும் ஒத்திருக்கவில்லை.

அழிக்கலாமா?

இரண்டாம் குழுவைச் சேர்ந்த மாணவன் ஒருவன், தன் அண்ணனின் கணக்குப் புத்தகத்தில் 3.14 என்னும் எண்ணைக் கண்டிருந்தான். அவன் மெல்ல அழிப்பானை எடுத்துத் தன் குறிப்பேட்டில் இருந்த 3.58 என்பதை அழிக்க முற்பட்டான். அருகில் இருந்த மாணவி அவன் கையைப் பற்றினாள்.

"ஏன் அழிக்கிறாய்? நாம் அளந்தது அதுதானே?" என்றாள்.

"சரியான விடை 3.14. நம் விடை தவறு. தவறான விடையைக் காட்டினால் மதிப்பெண் குறையும்" என்றான் அவன்.

இவ்வுரையாடல் ஆசிரியையின் காதில் விழுந்தது. அவர் சினம் கொள்ளவில்லை. "அம்மா, மன்னியுங்கள்" என்று எழுந்த மாணவனை அமரச் செய்து, "அந்த எண்ணை அழித்துவிட்டால் உன் குறிப்பேட்டில் சரியான விடை இருக்கும், ஆனால் பிழை எங்கே நேர்ந்தது என்று தேடுவதற்கு வழி இராது. 3.58 என்பது பிழையாகவே இருக்கட்டும். அது ஏன் 3.58 ஆயிற்று என்பதை முதலில் கண்டுபிடிப்போம். அதற்குப் பக்கத்தில் புதிய விடையை எழுதுவோம்" என்றார்.

அதன்பின் வகுப்பின் வேலை மாறியது. பொருள்களை அளப்பதை விடுத்து, தாங்கள் அளந்த முறையையே மாணவர்கள் ஆராயத் தொடங்கினர்.

வளையல்: இரண்டு வட்டங்கள்

வளையலைக் கையில் எடுத்த ஆசிரியை, "இதில் எத்தனை வட்டங்கள் உள்ளன?" என்று வினவினார். "ஒன்று" என்றனர் சிலர். சற்று உற்றுநோக்கிய மாணவி, "இரண்டு அம்மா! உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று" என்றாள்.

பிழை அங்கேதான் இருந்தது. நூலை வளையலின் வெளிப்புறத்தில் சுற்றியிருந்தனர். விட்டத்தையோ கை நுழையும் உட்புறத்தில் அளந்திருந்தனர். வெளிவட்டத்தின் சுற்றளவை உள்வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு எந்த வட்டத்துக்கும் உரியதாகாது.

வளையலின் தடிமன் 0.4 செ.மீ. அது விட்டத்தின் இரு முனைகளிலும் உண்டு. ஆகவே வெளிவிட்டம் 5.7 + 0.4 + 0.4 = 6.5 செ.மீ. இப்போது 20.4 ஐ 6.5 ஆல் வகுத்தனர். ஈவு 3.14 வந்தது. அழிக்க முயன்ற மாணவன், 3.58 என்பதற்குப் பக்கத்தில் 3.14 என்று எழுதி, "முதல் அளவில் உள்விட்டம் எடுக்கப்பட்டது" என்று கீழே குறித்தான்.

வாளி: அளவாமலே கண்ட பிழை

நான்காம் குழுவின் விடை 2.98. "இவ்விடை பிழை என்பதை மீண்டும் அளவாமலே காட்ட முடியும்" என்றார் ஆசிரியை. மாணவர்கள் வியந்தனர்.

கவராயத்தால் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். கவராயத்தின் விரிவை மாற்றாமல், வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளியில் ஊன்றி அடுத்த புள்ளியைக் குறித்தார். அங்கே ஊன்றி அதற்கடுத்த புள்ளியைக் குறித்தார். சரியாக ஆறு முறை வைத்ததும் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்ந்தார். ஆறு புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணைத்தார். வட்டத்தின் உள்ளே ஓர் அறுகோணம் அமைந்தது.

"இவ்வறுகோணத்தின் ஒவ்வொரு பக்கமும் வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். ஆறு பக்கங்கள் ஆறு ஆரங்கள். இரண்டு ஆரங்கள் ஒரு விட்டம். அப்படியானால் அறுகோணத்தின் சுற்றளவு எத்தனை விட்டங்கள்?"

"மூன்று விட்டங்கள்."

"ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேர்கோட்டில் செல்வது குறுகிய வழியா, வட்டத்தின் வளைவில் செல்வது குறுகிய வழியா?"

"நேர்கோடே குறுகியது."

"ஆகவே வட்டத்தின் சுற்றளவு அறுகோணத்தின் சுற்றளவைவிட மிகுதி. அதாவது மூன்று விட்டங்களைவிட மிகுதி. எந்த வட்டமானாலும் ஈவு மூன்றுக்கு மேல்தான் இருக்கும். 2.98 வரவே வராது."

நான்காம் குழுவினர் தம் நூலை எடுத்து நோக்கினர். அது ஸ்வெட்டர் பின்னப் பயன்படும் கம்பளி நூல். வாளியைச் சுற்றும்போது நூல் தளராமல் இருக்க வேண்டும் என்று அதை நன்கு இழுத்துப் பிடித்திருந்தனர். அளவுகோலின் மேல் வைத்தபோது தளர விட்டிருந்தனர். இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் கம்பளி நூலின் இயல்பு. சுற்றும்போது நீண்டிருந்த நூல், அளக்கும்போது சுருங்கிவிட்டது. அதனால் சுற்றளவு குறைந்து, ஈவும் குறைந்தது.

எளிதில் நீளாத தையல் நூலால் மீண்டும் அளந்தனர். சுற்றளவு 94.6 செ.மீ. வந்தது. 94.6 ஐ 30.2 ஆல் வகுக்க ஈவு 3.13. கம்பளி நூல் நான்கரை செ.மீ.க்கு மேல் அவர்களை ஏமாற்றியிருந்தது.

நாணயமும் தட்டும்: நூலின் தடிமன்

எஞ்சியவை நாணயமும் தட்டும். இவ்விரு குழுவினரும் பொட்டலம் கட்டும் சணல் நூலைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். அந்நூல் எளிதில் நீளாது. விட்டத்தையும் சரியாகவே அளந்திருந்தனர். ஆயினும் தட்டுக்கு 3.15 வந்தது, நாணயத்துக்கு 3.26 வந்தது. ஒரே நூலால் அளந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன்?

முதற்குழுவினர் நூலை விடுத்து வேறு வழியில் நாணயத்தை அளந்தனர். நாணயத்தின் விளிம்பில் மையால் ஒரு புள்ளி இட்டனர். நீண்ட தாளில் கோடு ஒன்று வரைந்து, அக்கோட்டின்மேல் நாணயத்தை நிறுத்தி, வழுக்காமல் மெல்ல உருட்டினர். புள்ளி ஐந்தாம் முறை தாளைத் தொட்டபோது நிறுத்தினர். நாணயம் கடந்த தொலைவு 42.3 செ.மீ. இதை ஐந்தால் வகுக்க, ஒரு சுற்றுக்கு 8.46 செ.மீ. இதனை விட்டமான 2.7 ஆல் வகுக்க ஈவு 3.13.

மூன்றாம் குழுவினர் மெல்லிய தையல் நூலால் தட்டை மீண்டும் அளந்தனர். சுற்றளவு 87.3 செ.மீ.; ஈவு 3.14.

இப்போது ஆசிரியை பழைய அளவுகளையும் புதிய அளவுகளையும் ஒப்பிடச் சொன்னார். சணல் நூல் நாணயத்துக்கு 8.8 காட்டியது; உருட்டியபோது ஏறத்தாழ 8.5. வேறுபாடு 0.3 செ.மீ. சணல் நூல் தட்டுக்கு 87.6 காட்டியது, தையல் நூல் 87.3 காட்டியது. வேறுபாடு இங்கும் 0.3 செ.மீ.

மாணவர்களுக்கு இது புதிராக இருந்தது. தட்டு, நாணயத்தைவிடப் பத்து மடங்கு பெரியது. பிழையும் பத்து மடங்கு பெரியதாக இருக்க வேண்டாமா? இரண்டிலும் அதே மூன்று மில்லிமீட்டர்தானே மிகுந்திருக்கிறது?

விடை நூலின் தடிமனில் இருந்தது. சணல் நூலின் தடிமன் 1 மி.மீ. அதை ஒரு பொருளின்மேல் சுற்றும்போது, நூலின் உட்பக்கம் பொருளைத் தொட்டுக்கொண்டு சற்றே நெருங்கும். வெளிப்பக்கம் சற்றே விரியும். நெருங்காமலும் விரியாமலும் இருப்பது நூலின் நடுப்பகுதி. நூலை நீட்டி அளக்கும்போது கிடைப்பது இந்நடுப்பகுதி வரையும் வட்டத்தின் நீளமே. நடுப்பகுதி பொருளின் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் வெளியே செல்கிறது. எதிர்ப்பக்கத்திலும் அரை மில்லிமீட்டர் வெளியே செல்கிறது. ஆகவே நூல் அளந்த வட்டத்தின் விட்டம், பொருளின் விட்டத்தைவிட 1 மி.மீ. பெரியது.

விட்டம் 1 மி.மீ. கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? அதுவே மாணவர்கள் கண்ட மூன்று மில்லிமீட்டர்! நாணயமானாலும் தட்டானாலும் விட்டத்தில் 1 கூடினால் சுற்றளவில் மூன்றுக்குச் சற்று மிகுதியாகக் கூடுகிறது. தாங்கள் தேடிய உறவு, தங்கள் பிழைக்குள்ளேயே அமைந்திருந்ததை மாணவர்கள் உணர்ந்தனர்.

இனி ஈவுகள் வேறுபட்ட காரணமும் விளங்கும். மூன்று மில்லிமீட்டர் என்பது 87 செ.மீ. நீளத்தில் மிகச் சிறிய பங்கு, எட்டரை செ.மீ. நீளத்தில் அது புறக்கணிக்க இயலாத பங்கு. அதனாலேயே தட்டின் ஈவு சிறிதளவே மாறியது. நாணயத்தின் ஈவு பெரிதும் மாறியது. பெரிய வட்டத்தை அளந்தால் ஈவு செம்மையாக வருவதன் காரணம் இதுவே.

விட்டத்தை அளக்கும் முறை

விட்டத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். தட்டின் மையம் எங்கே என்று அதில் குறிக்கப்பட்டிருக்காது. அளவுகோல் மையத்தை விட்டு விலகிச் சென்றால் அது காட்டுவது விட்டம் அன்று. விட்டத்தைவிடக் குறுகிய நாண். வகுக்கும் எண் குறைந்தால் ஈவு கூடிவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. அளவுகோலின் சுழியக் குறியை விளிம்பின் ஒரு புள்ளியில் அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மறுமுனையை மெல்ல இடமும் வலமும் நகர்த்த வேண்டும். எதிர் விளிம்பில் காணும் அளவு கூடிக்கொண்டே சென்று, பின்பு குறையத் தொடங்கும். மிகப் பெரிய அளவே விட்டம். வட்டத்தின் நாண்களுள் மிக நீளமானது விட்டமே ஆதலால்.

நாணயம் போன்ற சிறு பொருளுக்கு வேறு வழி உண்டு. இரண்டு கனமான புத்தகங்களை எதிரெதிரே வைத்து, நாணயத்தை அவற்றின் இடையே இறுக்கமாகப் பொருத்தி, புத்தகங்களுக்கு இடையே உள்ள தொலைவை அளக்கலாம்.

எத்தனை தசம இடங்கள்?

திருத்திய விடைகளை ஆசிரியை மீண்டும் எழுதினார்: நாணயம் 3.13, வளையல் 3.14, தட்டு 3.14, வாளி 3.13. சிதறிக் கிடந்த எண்கள் ஓரிடத்தில் வந்து கூடின. ஆயினும் அவை முற்றிலும் ஒன்றாகவில்லை.

மூன்றாம் குழுவில் ஒரு மாணவி கணிப்பானில் 87.3 ஐ 27.8 ஆல் வகுத்தாள். திரையில் 3.1402877 என்று தோன்றியது. "அம்மா, இதை முழுவதும் எழுதலாமா? இன்னும் துல்லியமாக இருக்குமே!" என்று கேட்டாள்.

ஆசிரியை மறுமொழியாக ஒரு கணக்கைத் தந்தார். அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்வது எளிது. தட்டின் விட்டம் 27.7 ஆக இருந்தால் ஈவு 3.15, 27.9 ஆக இருந்தால் ஈவு 3.13. ஒரு மில்லிமீட்டர் மாறினாலே இரண்டாம் தசம இடம் மாறிவிடுகிறது. அப்படியிருக்க, ஏழாம் தசம இடத்தை எழுதுவதில் என்ன பொருள்? நாணயத்தில் நிலைமை இன்னும் கடினம். 8.46 ஐ 2.6 ஆல் வகுக்க 3.25, 2.8 ஆல் வகுக்க 3.02.

"கணிப்பான் எத்தனை இலக்கங்களையும் காட்டும். நம் அளவுகோல் அறிந்தவற்றை மட்டுமே நாம் எழுத வேண்டும்" என்றார் ஆசிரியை. மாணவி 3.14 என்றே எழுதினாள்.

அளவாமல் அறிந்தோர்

நூலால் அளந்து இரண்டு தசம இடங்களைப் பெறலாம். அதற்குமேல் செல்ல வேண்டுமானால் அளத்தலை விடுத்துச் சிந்தனையைத் துணைகொள்ள வேண்டும். ஆசிரியை வரைந்த அறுகோணம் அதற்கான முதற்படி. அறுகோணத்தின் பக்கங்களை இரட்டித்துப் பன்னிரண்டாக்கினால் அது வட்டத்தை இன்னும் நெருங்கும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இவ்வாறே 12, 24, 48, 96 எனப் பக்கங்களைப் பெருக்கினார். வட்டத்தின் உள்ளும் புறமும் பலகோணங்களை அமைத்துக் கணக்கிட்டார். ஈவு 3 10/71 என்பதைவிடப் பெரியது, 3 1/7 என்பதைவிடச் சிறியது என்று நிறுவினார். 3 1/7 என்பதையே நாம் 22/7 என்று எழுதுகிறோம். அது ஈவின் சரியான மதிப்பு அன்று. அதற்கு மிக அருகில் உள்ள எளிய பின்னம்.

நம் நாட்டு அறிஞர் ஆரியபட்டர் பொ.ஆ. 499 இல் இயற்றிய ஆரியபட்டீயம் என்னும் நூலில், விட்டம் 20000 ஆக உள்ள வட்டத்தின் சுற்றளவு 62832 என்று கணக்கிட்டுள்ளார். வகுத்துப் பார்த்தால் 3.1416 வரும். அதைவிடச் சிறப்பு, அவர் அதனை 'அண்மையான மதிப்பு' என்றே குறித்ததாகும். தம் எண்ணின் எல்லையை அவர் அறிந்திருந்தார்.

இந்த ஈவுக்கு π என்னும் கிரேக்க எழுத்தை 1706 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் அக்குறியே வழங்குகிறது. எந்தப் பின்னத்தாலும் π ஐ முற்றிலும் சரியாக எழுத முடியாது என்பதை 1761 ஆம் ஆண்டில் லாம்பர்ட் என்னும் அறிஞர் நிறுவினார். எனவே அதன் தசம இலக்கங்கள் முடிவதும் இல்லை. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதும் இல்லை.

இரயில் எஞ்சினின் சக்கரம்

வகுப்பு முடியும் வேளையில் வளையற்குழுவின் மாணவி ஒரு செய்தி சொன்னாள். அவளுடைய தந்தை மின்சார எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்பவர். "சக்கரத்தைக் கடைந்த பிறகு அதன் புதிய விட்டத்தை வேகமானியில் பதிவு செய்ய வேண்டும் என்று அப்பா கூறுவார். அது ஏன் என்று இன்றுதான் எனக்குப் புரிகிறது" என்றாள்.

அவள் கூறியதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டு மின்சார எஞ்சின்கள் பலவற்றில் புதிய சக்கரத்தின் விட்டம் 1092 மி.மீ. ஓடி ஓடிச் சக்கரம் தேயும். தேய்ந்த சக்கரத்தைக் கடைந்து மீண்டும் உரிய வடிவுக்குக் கொண்டுவரும்போது விட்டம் மேலும் குறையும். 1016 மி.மீ. ஆகும் வரை அதைப் பயன்படுத்துவர்.

புதிய சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி செல்லும் தொலைவு 3.14 × 1092 = 3429 மி.மீ. தேய்ந்த சக்கரம் ஒருமுறை சுழன்றால் செல்லும் தொலைவு 3.14 × 1016 = 3190 மி.மீ. ஒரு கிலோமீட்டர் செல்லப் புதிய சக்கரம் ஏறத்தாழ 292 முறை சுழல வேண்டும். தேய்ந்த சக்கரம் ஏறத்தாழ 313 முறை சுழல வேண்டும்.

வேகமானி தொலைவை நேரே காண்பதில்லை. சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணி, அதனைச் சுற்றளவால் பெருக்கியே வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் 1016 ஆகத் தேய்ந்த பின்னும் வேகமானியில் 1092 என்றே பதிவாகியிருந்தால், வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது வேகமானி ஏறத்தாழ 107 எனக் காட்டும். உண்மையான விட்டத்தைப் பதிந்தால்தான் ஓட்டுநர் உண்மையான வேகத்தை அறிவார்.

"உள்விட்டத்தை எடுத்த நம் பிழையும் இதுவும் ஒன்றுதான், சுற்றளவு ஒரு வட்டத்துக்கும் விட்டம் வேறு வட்டத்துக்கும் உரியவை" என்றான் அழிப்பானை எடுத்த மாணவன். ஆசிரியை அவன் குறிப்பேட்டை வாங்கி, 3.58, 3.14 ஆகிய இரண்டு எண்களுக்கும் அவற்றின் கீழே இருந்த குறிப்புக்கும் சேர்த்து முழு மதிப்பெண் வழங்கினார்.

சொல்லும் பொருளும்

ஈவு – வகுத்தலால் கிடைக்கும் எண்
நாண் – வட்டத்தின் விளிம்பில் உள்ள இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு
ஆரம் – மையத்திலிருந்து விளிம்பு வரை உள்ள தொலைவு
கவராயம் – வட்டம் வரைய உதவும் கருவி
கடைதல் – சுழலும் பொருளைக் கருவியால் செதுக்கி வடிவாக்குதல்
அண்மை – அருகில் இருத்தல்

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. வளையற்குழுவின் முதல் விடை 3.58 ஆக வந்ததற்குக் காரணம் யாது?
2. கம்பளி நூலால் அளந்தபோது சுற்றளவு குறைந்தது ஏன்?
3. ஆரியபட்டர் தம் எண்ணை எவ்வாறு குறித்தார்?

ஆ. விரிவான விடை எழுதுக.

1. எந்த வட்டத்திலும் ஈவு மூன்றைவிட மிகுதியாகவே இருக்கும் என்பதை அறுகோணத்தின் துணையால் விளக்குக.
2. "அந்த எண்ணை அழித்துவிட்டால் பிழை எங்கே நேர்ந்தது என்று தேடுவதற்கு வழி இராது." ஆசிரியையின் இக்கூற்று வகுப்பில் எவ்வாறு உண்மையாயிற்று என்பதை எழுதுக.

இ. செய்து பார்க்க.

1. உங்கள் வீட்டில் உள்ள மூன்று வட்டப் பொருள்களைத் தையல் நூலால் அளந்து பாடத்தில் உள்ளது போன்ற அட்டவணை அமைக்கவும். ஈவு 3.10 ஐ விடக் குறைந்தாலோ 3.20 ஐ விடக் கூடினாலோ அதை அழிக்காமல் காரணத்தைக் கண்டறிந்து அருகில் எழுதவும்.
2. மிதிவண்டிச் சக்கரத்தில் சுண்ணத்தால் குறியிட்டு, மூன்று சுற்றுகள் உருட்டித் தொலைவை அளக்கவும். அதிலிருந்து ஒரு சுற்றின் நீளத்தைக் கண்டு, சக்கரத்தின் விட்டத்தால் வகுக்கவும்.

ஈ. சிந்திக்க.

ஒரு டம்ளரைச் சுற்றி நூல் ஒன்று ஒட்டினாற்போல் கட்டப்பட்டுள்ளது. விளையாட்டுத் திடலில் வரைந்த பெரிய வட்டத்தைச் சுற்றியும் நூல் ஒன்று அவ்வாறே இடப்பட்டுள்ளது. இரண்டு நூல்களும் தத்தம் வட்டத்திலிருந்து எல்லாப் பக்கங்களிலும் 1 செ.மீ. விலகி நிற்க வேண்டும். எந்த நூலை மிகுதியாக நீட்ட வேண்டும்? சணல் நூலின் தடிமனைப் பற்றிப் படித்ததை நினைவில் கொண்டு விடை காண்க.